முப்புள்ளி வளைவுச் சோதனை: முறிவுக் குணகமும் இழுவலிமையும் ஏன் ஒன்றல்ல?

வீட்டில் தரைக்கு டைல் பதிக்கும் வேலை நடக்கும்போது, டைலை எப்படி வெட்டுகிறார்கள் என்று சிறிது நேரம் நின்று பார்க்கலாம். டைல் கட்டரின் சிறிய சக்கரத்தால் மேற்பரப்பில் ஒரே ஒரு கீறலை இழுப்பார்கள். டைலின் தடிமனோடு ஒப்பிட்டால் அதன் ஆழம் மிகச் சொற்பம். பிறகு அந்தக் கீறலுக்கு நேர் கீழே கட்டரின் மேடு வரும்படி வைத்து, கீறலின் இரு பக்கங்களிலும் கைப்பிடியால் அழுத்துவார்கள். 'டக்' என்ற ஒலியோடு, 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைல் கீறல் வழியே இரண்டாகிவிடும். அதே கீறலை அடிப்பக்கம் திருப்பி வைத்து அழுத்தினால் டைல் எளிதில் உடையாது. உடைந்தாலும் கீறல் வழியே உடையும் என்பதற்கு உறுதி இல்லை.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. நடுவில் கீழிருந்து ஒரு தாங்கல், இரு பக்கமும் மேலிருந்து அழுத்தம் என்று மூன்றே இடங்களில் விசை செயல்படுகிறது. அதனால் டைல் வளைந்து, அதன் மேற்பரப்பு இழுபடுகிறது. அடுத்து, இழுபடும் பக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய ஒரு குறைதான் உடைப்பைத் தொடங்கி வைக்கிறது. ஆய்வகத்தில் செய்யப்படும் முப்புள்ளி வளைவுச் சோதனை இதே அமைப்பைத் தலைகீழாகத் திருப்பியதுதான்: தாங்கல்கள் இரண்டும் கீழே, சுமை மேலே நடுவில். அந்தச் சோதனை தரும் எண்ணுக்கு முறிவுக் குணகம் என்று பெயர். பொறியியல் வகுப்புகளில் 'மாடுலஸ் ஆஃப் ரப்சர்' என்றே சொல்லிப் பழகியிருப்போம். இந்த எண்ணைப் பொருளின் இழுவலிமை என்று எடுத்துக்கொள்வது தொடக்க நிலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

ஒரு சோதனையை எண்களோடு பார்ப்போம். இங்கே தரும் அளவுகள் கணக்கு எளிதாக வர வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தவை. ஆனால் உண்மைக்கு வெகு தொலைவில் இல்லாதவை. ஒரு விட்ரிஃபைட் தரை டைலிலிருந்து 20 மி.மீ. அகலமும் 120 மி.மீ. நீளமும் கொண்ட பட்டை ஒன்றை வைர வில்லையால் வெட்டி, அடிப்பக்கத்து வரிமேடுகளைத் தேய்த்துச் சமப்படுத்தி, தடிமனைச் சரியாக 8 மி.மீ. ஆக்கிக்கொள்கிறோம். கிடையாக வைத்த இரண்டு எஃகு உருளைகளின் மேல், அவற்றின் மையங்களுக்கு இடையே 100 மி.மீ. இருக்கும்படி, பட்டையை வைக்கிறோம். பட்டை இரு புறமும் 10 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில், மேலிருந்து மூன்றாவது உருளை மெல்ல இறங்குகிறது. டைல் சோதனைகளில் வழக்கமான வேகம், அடிப்பரப்பின் தகைவு ஒரு நொடிக்கு 1 மெகாபாஸ்கல் கூடும் அளவு. இந்தப் பட்டைக்கு அது நொடிக்குச் சுமார் 8.5 நியூட்டன் சுமையாகிறது. ஏறக்குறைய 38 நொடிகள் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். கண்ணுக்கு வளைவும் தெரியாது. திரையில் சுமைக்கோடு நேராக ஏறிக்கொண்டே வந்து, 320 நியூட்டனில் முன்னறிவிப்பு இல்லாமல் சுழியத்துக்கு விழுகிறது. மென்னெஃகுக் கம்பியாக இருந்தால் கோடு முதலில் சாய்ந்து, வளைந்து, எச்சரித்திருக்கும். நொறுங்கும் பொருள்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

320 நியூட்டன் என்பது சுமார் 32.6 கிலோ எடையின் அழுத்தம். இது இந்தப் பட்டை தாங்கிய சுமை மட்டுமே. அகலமான பட்டையோ தடித்த பட்டையோ இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். பட்டையின் அளவை நீக்கிவிட்டுப் பொருளைப் பற்றிப் பேச வேண்டுமானால், உடையும் கணத்தில் பட்டைக்குள் இருந்த தகைவைக் கணக்கிட வேண்டும்.

வளையும் பட்டையின் மேற்பகுதி சுருங்குகிறது, கீழ்ப்பகுதி நீள்கிறது. இரண்டுக்கும் இடையில் நீளாமலும் சுருங்காமலும் ஓர் அடுக்கு இருந்தாக வேண்டும். அதுவே நடுநிலை அச்சு, செவ்வகப் பட்டையில் அது சரியாக நடுத்தடிமனில் அமைகிறது. அந்த அடுக்கிலிருந்து விலகிச் செல்லச் செல்லத் தகைவு நேர்விகிதத்தில் கூடி, அடிப்பரப்பில் உச்ச இழுதகைவாகவும் மேற்பரப்பில் உச்ச அமுக்கத் தகைவாகவும் முடிகிறது. பீங்கான், கண்ணாடி, சுட்ட களிமண் போன்றவை இழுவையில் தாங்குவதைவிட அமுக்கத்தில் பல மடங்கு தாங்கக்கூடியவை என்பதால், மேற்பரப்பு பத்திரமாக இருக்க, அடிப்பரப்பே முதலில் விட்டுக்கொடுக்கிறது. நீளவாக்கிலும் தகைவு ஒரே சீராக இல்லை. தாங்கல்களின் மேல் சுழியமாகத் தொடங்கி, நடு உருளைக்கு நேர் கீழே உச்சத்தைத் தொடுகிறது. ஆக, மொத்தப் பட்டையிலும் உச்ச இழுதகைவை உணர்வது, அடிப்பரப்பின் நடுவில் குறுக்காக ஓடும் ஒரே ஒரு கோடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கணக்கு இரண்டே படிகளில் முடிகிறது. சுமை F நடுவில் இருப்பதால் ஒவ்வொரு தாங்கலும் அதில் பாதியை ஏற்கிறது. அந்தப் பாதி, நடுப்புள்ளியிலிருந்து L/2 தொலைவில் செயல்படுவதால், நடுவில் வளைவுத் திருப்புத்திறன் FL/4 ஆகிறது. நம் பட்டைக்கு 320 × 100 / 4, அதாவது 8000 நியூட்டன் மில்லிமீட்டர். அகலம் b, தடிமன் d கொண்ட செவ்வக வெட்டுமுகம் வளைவை எதிர்க்கும் திறனைக் குறிக்கும் அளவு bd²/6. நமக்கு அது 20 × 64 / 6, அதாவது 213.3 கன மில்லிமீட்டர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 37.5 கிடைக்கிறது. இரண்டு படிகளையும் ஒன்றாகச் சேர்த்தால் பாடநூல்களில் காணும் சூத்திரம் வந்துவிடும்:

σ = 3FL / (2bd²)

ஆகவே இந்தப் பட்டையின் முறிவுக் குணகம் 37.5 மெகாபாஸ்கல். நீர் உறிஞ்சும் தன்மை மிகக் குறைந்த விட்ரிஃபைட் வகை டைல்களுக்குப் பன்னாட்டுத் தர விதி கேட்கும் குறைந்தபட்சச் சராசரி 35 மெகாபாஸ்கல் என்பதால், இது தேறிய டைல்தான்.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு பழைய தடுமாற்றம் உண்டு. சுவரிலிருந்து நீளும் உத்தரம் எப்போது முறியும் என்ற கேள்வியை 1638-இல் கலிலியோ எடுத்துக்கொண்டபோது, வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவு இழுபடுவதாகவும், அது தன் விளிம்பை மையமாகக் கொண்டு திரும்புவதாகவும் கொண்டார். தடிமனின் இருமடிக்கு ஏற்ப வலிமை கூடும் என்ற அவருடைய முடிவு சரி. ஆனால் வெட்டுமுகத்தின் பாதி அமுக்கப்படுகிறது என்பது அவர் கணக்கில் இல்லாததால், bd²/6 இருக்க வேண்டிய இடத்தில் bd²/2 வந்தது. அவருடைய வழியில் நம் பட்டைக்கு 12.5 மெகாபாஸ்கல்தான் கிடைக்கும். தகைவு எப்படிப் பரவுகிறது என்று நாம் வைத்துக்கொள்ளும் ஊகம் மாறினால், அதே சுமைக்கு வேறு எண் வருகிறது. முறிவுக் குணகம் நேரடியாக அளந்த தகைவு அல்ல, ஒரு ஊகத்தின் வழியே கணக்கிட்ட தகைவு என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 'குணகம்' என்று இருப்பதால் இதை யங் குணகத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். யங் குணகம் விறைப்பைச் சொல்கிறது. முறிவுக் குணகம் வலிமையைச் சொல்கிறது. இரண்டுக்கும் அலகு ஒன்றாக இருப்பது குழப்பத்தை வளர்க்கிறது, அவ்வளவுதான்.

இனி, நேராக இழுத்துப் பார்த்தால் என்ன என்ற கேள்விக்கு வருவோம். நம் பட்டையின் வெட்டுமுகப் பரப்பு 160 சதுர மில்லிமீட்டர். வெட்டுமுகம் முழுவதும் 37.5 மெகாபாஸ்கல் வர வேண்டுமானால் 6000 நியூட்டன், அதாவது 600 கிலோவுக்கும் மேற்பட்ட எடையின் விசையால் இழுக்க வேண்டும். வளைவில் 33 கிலோவுக்கும் குறைவான சுமை செய்த வேலை இது. டைல் போடுபவர் ஏன் டைலை வளைத்து உடைக்கிறார் என்பதும், சாக்பீஸை யாரும் இழுத்து உடைப்பதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இழுப்பதில் இன்னொரு சிக்கல் பிடிமானம். எஃகுக் கம்பியை இழுவை எந்திரத்தின் தாடைகள் கடித்துப் பிடித்தால், கடிபட்ட இடம் சற்றே நசுங்கி இடங்கொடுக்கும். டைல் பட்டையைக் கடித்தால் அந்த இடத்திலேயே விரிசல் விழுந்து, சோதனை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். பசையால் ஒட்டியோ, முனைகள் அகன்ற மாதிரிகளைச் செய்தோ இதைச் சமாளிக்கலாம். ஆனால் இழுவிசை பட்டையின் மைய அச்சில் சரியாகச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து தப்ப வழி இல்லை. விசை மையத்திலிருந்து e அளவு விலகினால், செவ்வகப் பட்டையின் ஒரு முகத்தில் தகைவு 6e/d பங்கு கூடிவிடுகிறது. 8 மி.மீ. தடிமனில் வெறும் 0.4 மி.மீ. விலகல் என்றால் கூட, அந்த முகத்தில் தகைவு 30 விழுக்காடு கூடுதல். நாம் சுமையைப் பரப்பால் வகுத்து ஒரு எண்ணைக் குறித்துக்கொள்வோம். பட்டை உடைந்ததோ அதைவிட 30 விழுக்காடு கூடிய தகைவில். எஃகாக இருந்தால் சிறிது நீண்டு தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும்; பீங்கான் அப்படிச் செய்யாது. இந்தத் தொல்லைகளால்தான் நொறுங்கும் பொருள்களுக்கு வளைவுச் சோதனை வழக்கமாயிற்று. பிடிக்க வேண்டியதில்லை, உருளைகளின் மேல் வைத்தால் போதும்.

எல்லாத் தொல்லைகளையும் வென்று, மிகச் சரியாக மைய அச்சில் இழுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 37.5 மெகாபாஸ்கல் கிடைக்காது. கணிசமாகக் குறைவாகவே கிடைக்கும். இது கருவியின் பிழை அல்ல. நொறுங்கும் பொருளின் இயல்பிலிருந்தே வருவது.

சுட்ட பீங்கானுக்குள் நுண்துளைகள், முழுதாக உருகாத மணிகள், வெட்டும்போது விழுந்த நுண்விரிசல்கள் எனப் பல அளவிலான குறைகள் சிதறிக் கிடக்கின்றன. பெரிய குறைகள் அரிதாகவும் சிறியவை ஏராளமாகவும் இருக்கும். உடைப்பைத் தொடங்குவது, இருப்பதிலேயே பெரிய குறை என்று சொல்ல முடியாது. தான் இருக்கும் இடத்தின் தகைவுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் முதலில் விட்டுக்கொடுக்கும் குறை. நேராக இழுக்கும்போது பட்டையின் ஒவ்வொரு இடமும் ஒரே தகைவை உணர்கிறது. ஆகவே மொத்தப் பட்டையிலும் உள்ள மிக மோசமான குறை எங்கே ஒளிந்திருந்தாலும் மாட்டிக்கொள்ளும். முப்புள்ளி வளைவில், முன்பு பார்த்த அந்த ஒற்றைக் கோடும் அதை ஒட்டிய சிறு பகுதியும்தான் கடுமையாகச் சோதிக்கப்படுகின்றன. மோசமான குறை மேற்பாதியில் இருந்தால் அது அமுக்கத்தில் இருக்கிறது. தாங்கலின் அருகே இருந்தால் அங்கே தகைவே இல்லை. அது சோதனைக்கு அகப்படாமல் போய்விடுகிறது.

இதை எண்ணாக்கும் வழியைச் சுவீடன் நாட்டுப் பொறியாளர் வெய்புல் 1939-இல் வகுத்தார். ஒரே வகைப் பட்டைகள் பலவற்றை உடைத்தால் கிடைக்கும் வலிமைகளின் சிதறலை m என்ற ஓர் எண்ணால் அவர் குறித்தார். m சிறியதாக இருந்தால் சிதறல் பெரிது. m பெரியதாக இருந்தால் பட்டைகள் ஏறத்தாழ ஒன்றுபோல உடைகின்றன. m = 10 என்றால், பட்டைக்குப் பட்டை வலிமை சராசரியிலிருந்து ஏறக்குறைய 12 விழுக்காடு அளவில் முன்பின்னாக இருக்கும்; பீங்கான் பொருள்களில் இது வியப்பூட்டும் அளவல்ல. குறைகள் பொருளின் கன அளவு முழுவதும் சமமாகப் பரவியிருக்கின்றன என்று கொண்டால், முப்புள்ளி வளைவில் உள்ள செவ்வகப் பட்டை, தன் கன அளவில் 1 / [2(m + 1)²] பங்கே உள்ள ஒரு துண்டை நேராக இழுத்ததற்கு ஒப்பாகிறது. m = 10-க்கு அது 242-இல் ஒரு பங்கு.

நம் பட்டையில் தாங்கல்களுக்கு இடையே உள்ள பொருள் 100 × 20 × 8, அதாவது 16,000 கன மில்லிமீட்டர். அதில் 242-இல் ஒரு பங்கு சுமார் 66 கன மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பின் அளவு. இவ்வளவு பெரிய பட்டையை ஏற்றி, 38 நொடிகள் காத்திருந்து, நாம் உண்மையில் சோதித்தது ஒரு துவரம்பருப்பு அளவுப் பீங்கானைத்தான். அவ்வளவு சிறிய இடத்தில் பெரிய குறை இருக்கும் வாய்ப்பு குறைவு; அதனால்தான் வலிமை கூடுதலாகத் தெரிகிறது. எத்தனை மடங்கு என்பதற்கு 242-இன் பத்தாம் மூலத்தை எடுக்க வேண்டும்: 1.73. அதே 16,000 கன மில்லிமீட்டரையும் நேராக இழுத்தால் எதிர்பார்க்கக்கூடிய வலிமை 37.5 / 1.73, அதாவது சுமார் 21.7 மெகாபாஸ்கல். சிதறல் அதிகமான, m = 5 உள்ள பொருளாக இருந்தால் இந்த மடங்கு 2.35 ஆகிவிடும்; m = 20 உள்ள நல்ல பொருளில் 1.40-க்கு இறங்கும். குறைகளே இல்லாத, அல்லது எல்லாக் குறைகளும் ஒரே அளவான பொருள் என்று ஒன்று இருந்தால் மட்டுமே இரண்டு வலிமைகளும் ஒன்றாகும். குறைகள் கன அளவில் பரவாமல் பரப்பில் மட்டும் இருந்தால் மடங்கு சற்று மாறும். ஆனால் வளைவு எண் பெரிதாகவும் இழுவை எண் சிறிதாகவும் வரும் என்ற திசை மாறாது.

இதே காரணத்தால் முறிவுக் குணகமும் பட்டையின் அளவைப் பொறுத்தே இருக்கிறது. நம் பட்டையின் எல்லா அளவுகளையும் இரட்டித்து, தாங்கல் இடைவெளியையும் இரட்டித்துச் சோதித்தால், கன அளவு எட்டு மடங்காகிறது; m = 10-க்கு எதிர்பார்க்கும் வலிமை 37.5-இலிருந்து சுமார் 30.5 மெகாபாஸ்கலுக்கு இறங்குகிறது. பொருள் அதேதான், சூத்திரமும் அதேதான்.

சோதனையில் எங்கே சறுக்குவோம் என்றால், முதலில் தடிமனில். சூத்திரத்தில் d இருமடியாக வருவதால், வெர்னியரில் 8.0 என்று படித்த பட்டை உடைந்த இடத்தில் உண்மையில் 7.8 ஆக இருந்தால், வலிமை 5 விழுக்காடு குறைத்துக் கணக்கிடப்பட்டுவிடும். அதனால் தடிமனை உடைவதற்கு முன்பு முனையில் அளப்பதைவிட, உடைந்த பிறகு உடைமுகத்தின் அருகே அளப்பதே நல்லது. அடுத்தது கீழ் விளிம்புகள். வைர வில்லை வெட்டிய விளிம்பில் சிறு சில்லுகள் தெறித்திருந்தால், அவை டைல் கட்டரின் கீறலைப் போலவே செயல்படும். பிறகு நாம் அளப்பது டைலின் வலிமையை அல்ல, வெட்டியவரின் கைவண்ணத்தை. மெல்லிய உப்புத்தாளால் கீழ் விளிம்புகளை நீளவாக்கில் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். குறுக்காகத் தேய்க்கக் கூடாது. குறுக்குக் கீறல்கள் இழுவிசைக்குச் செங்குத்தாக அமைந்துவிடும். உருளைகள் சுழல இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அவை இறுகியிருந்தால், நீள முயலும் அடிப்பரப்பை உராய்வு பிடித்து நிறுத்தி, வலிமையைப் பொய்யாகக் கூட்டிக்காட்டும்.

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடுவதற்கு முன், ஒரு துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உடைமுகம் கீழிருந்து பெரும்பகுதி நேராக ஏறி வந்து, மேல் விளிம்பை நெருங்கும்போது ஒரு பக்கமாகச் சுருண்டு, உதடு போன்ற ஒரு வளைவோடு முடிந்திருக்கும். விரிசல் அமுக்கப் பகுதிக்குள் நுழையும்போது நேராகச் செல்ல முடியாமல் திசை திரும்பியதன் அடையாளம் அது. அந்த உதடு மேல் விளிம்பில் இருந்தால், உடைப்பு அடிப்பரப்பில் தொடங்கியது உறுதி. சரியாக நேராக இழுத்து உடைத்த துண்டில் இந்த உதடு இருக்காது. இழுவைச் சோதனை செய்ததாகச் சொல்லி ஒருவர் தரும் துண்டில் உதடு தெரிந்தால், அவருடைய இழுவை மையத்தில் இல்லை, பட்டை வளைந்திருக்கிறது என்று அவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

உடைந்த இடமும் செய்தி தரும். பட்டை நடுவிலிருந்து 12 மி.மீ. தள்ளி உடைந்திருந்தால், அந்த இடத்தின் தகைவு உச்சத்தில் 1 − 2 × 12 / 100, அதாவது 0.76 பங்கு, 37.5-க்குப் பதில் 28.5 மெகாபாஸ்கல். அங்கே ஒரு பெரிய குறை இருந்து, நடுவில் இருந்த கூடுதல் தகைவையும் முந்திக்கொண்டிருக்கிறது. டைல் சோதனை விதிகள், நடு உருளையின் கீழ் ஒரு குறுகிய பகுதிக்குள் உடைந்தவற்றை மட்டுமே சராசரிக்கு ஏற்கின்றன. ஒப்பீட்டுக்கு அது சரியான விதிதான். ஆனால் பொருளின் குறைகளைப் பற்றி அறிய விரும்புபவருக்கு, ஒதுக்கப்பட்ட அந்தத் துண்டே அதிகம் பேசும்.

கான்கிரீட்டிலும் இதே வேறுபாடு உண்டு. அங்கே உடைவதற்கு முன் கீழ்ப்பகுதியில் நுண்விரிசல்கள் பரவித் தகைவு நேர்விகிதத்தை விட்டு விலகுவதும் ஒரு காரணமாகச் சேர்ந்துகொள்கிறது. இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, கான்கிரீட்டின் சிறப்பியல்பு அமுக்க வலிமையான fck-ஐக் கொண்டு வளைவு வலிமையை 0.7√fck என்று தருகிறது. fck 25 மெகாபாஸ்கலாக உள்ள எம்25 கான்கிரீட்டுக்கு வளைவு வலிமை 3.5 மெகாபாஸ்கல். வளையும் உத்தரத்தில் விரிசல் எப்போது விழும் என்று பார்க்க இந்த எண் பொருந்தும். நேராக இழுபடும் உறுப்புக்கு இதை அப்படியே எடுத்து வைத்தால், கான்கிரீட்டிடம் இல்லாத வலிமையை நம்பியதாகும்.

பதிவேட்டில் '37.5 மெகாபாஸ்கல்' என்று மட்டும் எழுதினால், பிறகு அதைப் படிப்பவருக்குப் பயன் இல்லை. முப்புள்ளி வளைவு, இடைவெளி 100 மி.மீ., வெட்டுமுகம் 20 × 8 மி.மீ., மேற்பூச்சு மேலே, விளிம்பு மழுக்கியது, வேகம் நொடிக்கு 1 மெகாபாஸ்கல், இத்தனை பட்டைகளின் சராசரி, இத்தனை விழுக்காடு சிதறல் என்று அதே வரியில் சேர்த்து எழுத வேண்டும்.